எந்த ஆள் தேவை?

கோவை கணபதியில் அத்திப்பாளையம் பிரிவைத் தாண்டி ஒரு சந்துக்குள் போனால், ஒவ்வொரு மூன்றாவது கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ‘ஆட்கள் தேவை’. சில தாள்கள் வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போயிருக்கும். சிலவற்றின் மேலேயே புதிய தாள் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட ஒரு கதவுக்குப் பின்னால்தான் இந்தக் கட்டுரைக்கான பட்டறை இருக்கிறது. பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு சிஎன்சி டர்னிங் மெஷின்கள், மூன்று பழைய லேத்துகள், ஒரு டிரில்லிங் மெஷின். மோட்டார் பம்புக்கான ஷாஃப்ட்களை ஜாப் ஒர்க்காகக் கடைந்து கொடுக்கிறார்கள். உரிமையாளர் லேத்தில் நின்று பழகி, கடன் வாங்கி, சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தம்மிடம் வேலைக்கு வந்து போனவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது என்பதே அவர் சொன்ன காரணம்.

அவர் ஒட்டியிருந்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: ‘ஆட்கள் தேவை. சிஎன்சி / லேத் ஆபரேட்டர். அனுபவம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் அணுகலாம். தகுதிக்கேற்ப நல்ல சம்பளம். தங்கும் இடம் உண்டு.’ கீழே ஒரு கைப்பேசி எண். இதையே படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போட்டிருந்தார்.

“ஆளே கிடைக்கறதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு போன் நிக்கவே இல்லீங்க தம்பி. ஆனா ஒருத்தனும் ஆகறதில்லை” என்றார். அழைத்தவர்களில் பாதிப் பேர் மெஷினையே பார்த்திராதவர்கள். ஓட்டுநர் வேலை கேட்டவர்கள் இருந்தார்கள். தறி ஓட்டியவர்கள் இருந்தார்கள். பட்டயப் படிப்பு முடித்து டிசைன் வேலை தேடுகிறவர்கள் இருந்தார்கள். வந்து சேர்ந்த மூன்று பேரில் இரண்டு பேர் பதினைந்து நாளைக்குள் சொல்லாமல் நின்றுவிட்டார்கள்.

குறை ஆட்களிடம் இல்லை, தாளில்தான் இருந்தது. அந்த அறிவிப்பு எல்லோரையும் கூப்பிட்டது. எந்த ஆளுக்காக எழுதப்பட்டதோ அவனுக்கு மட்டும் அதில் எதுவுமே இல்லை. வேலை தெரிந்த ஒருவன் இன்னொரு பட்டறையில் வேலையில் இருப்பான். டீக்கடைச் சுவரில் இதைப் பார்த்தால், இருக்கிற இடத்தை விட்டு வர இதில் என்ன இருக்கிறது என்றுதான் யோசிப்பான். ‘நல்ல சம்பளம்’ என்ற வார்த்தை அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

உட்கார்ந்து புதிதாக எழுதலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவானது. நான் கேட்ட முதல் கேள்வி: நாளைக் காலை அந்த ஆள் வந்தால், முதல் மூன்று மணி நேரம் அவர் கை என்ன செய்யும்? உரிமையாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேசாமல் எழுந்து போய் ஒரு ஷாஃப்ட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். எஸ்எஸ் 410 கம்பியில் கடைந்தது. பேரிங் உட்காரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே விட்டம் 25 மில்லிமீட்டர். வரைபடத்தின்படி 25.002-க்குக் குறையக் கூடாது, 25.015-ஐத் தாண்டக் கூடாது. இடைவெளி 0.013 மில்லிமீட்டர். சாதாரண வெர்னியரின் மிகச் சிறிய அளவே 0.02 தான். ஆகவே வெர்னியர் மட்டும் பிடிக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பீஸ் நல்லதா, கழிவா என்று சொல்லவே முடியாது. மைக்ரோமீட்டர் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய பழைய தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அடுத்தது பதவியின் பெயர். ‘சிஎன்சி ஆபரேட்டர்’ என்ற பெயருக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒருவர் பீஸை மாட்டி, பட்டனை அமுக்கி, வந்ததை அளந்து, அளவு நகர்ந்தால் கொஞ்சம் திருத்துவார். இன்னொருவர் வேறு ஜாப் வரும்போது சக்கின் தாடையை மாற்றி, அந்த விட்டத்துக்கு சாஃப்ட் ஜாவை போரிங் செய்து, ஒவ்வொரு டூலுக்கும் ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸைச் சரியாக வரவைப்பார். அவரை செட்டர் என்பார்கள். மூன்றாமவர் புரோகிராம் எழுதுகிறவர். மூவருக்கும் சம்பளம் வேறு, பழகும் காலம் வேறு. மூவரும் தங்களை ‘சிஎன்சி ஆபரேட்டர்’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

“உங்களுக்கு யார் வேணும்?”

“செட்டிங் தெரிஞ்சவன் வேணும். புரோகிராம் நானே போட்டுக்குவேன்.”

இந்த ஒரு பதிலில் பாதி அறிவிப்பு முடிந்துவிட்டது. ‘சாஃப்ட் ஜா போரிங் செய்து, டூல் ஆஃப்செட் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.’ முதல் வாக்கியம் பட்டன் மட்டும் அமுக்கிப் பழகியவரை நிறுத்தும். இரண்டாவது வாக்கியம், ‘எனக்கு புரோகிராம் தெரியாதே’ என்று தயங்கி நிற்கும் நல்ல செட்டரை உள்ளே கூப்பிடும். எது கட்டாயம், எதை நாங்களே கற்றுத் தருவோம் என்று பிரித்து எழுதாத அறிவிப்புகள் இந்த இரண்டாவது ஆளைத்தான் அதிகம் இழக்கின்றன. தெரியாததைத் தெரியும் என்று சொல்பவன் எந்த அறிவிப்புக்கும் போன் செய்வான். நேர்மையானவன் பட்டியலில் ஒன்று குறைந்தாலும் பேசாமல் கடந்து போய்விடுவான்.

‘அனுபவம் உள்ளவர்கள், இல்லாதவர்கள்’ என்ற வரியை அடித்தேன். அவருக்குக் கையாள் ஒருவரும் வேண்டும் என்பது உண்மைதான். அது வேறு வேலை. அதற்கு வேறு தாள். இரண்டையும் ஒரே தாளில் போட்டால், அனுபவசாலி தன் சம்பளமும் கையாள் சம்பளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவார்.

பிறகு, நின்றுபோன இரண்டு பேரைப் பற்றிக் கேட்டேன். “பொறுப்பில்லாதவனுங்க” என்று தொடங்கியவர், பேச்சுக் கொடுக்கவும் நடந்ததைச் சொன்னார். பட்டறையில் இரண்டு ஷிப்ட். முதல் ஷிப்ட் காலை ஆறரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். இரண்டாவது மூன்றுக்குத் தொடங்கி இரவு பதினொன்றரைக்கு முடியும். வாரம் மாறி வாரம் ஷிப்ட் மாறும். இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தவர்கள். முதல் வாரம் பகல் ஷிப்ட், ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாவது வாரம் இரவு பதினொன்றரைக்குக் கணபதியில் வந்து நின்றால், நம்பிக் காத்திருக்கிற மாதிரி டவுன் பஸ் எதுவும் கிடையாது. ஒருவர் இரண்டு நாள் நடந்திருக்கிறார். மூன்றாவது நாள் வரவில்லை. பட்டறைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. அதைப் பழைய அறிவிப்பில் ‘தங்கும் இடம்’ என்று எழுதியதும் இவர்தான். ஆனால் அது வெளியூர்க்காரர்களுக்கு என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆள் எடுக்கும் எவரும் இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுப் பார்க்கலாம்: கடைசியாகப் போன இரண்டு பேர் எதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்? அறிவிப்பில் மறைத்து வைத்த விஷயமாகத்தான் பெரும்பாலும் அது இருக்கும். வேண்டுமென்றே மறைப்பதில்லை. தினமும் அதற்குள்ளேயே வாழ்கிறவருக்கு அது கண்ணில் படுவதில்லை. இரவு ஷிப்ட், சனிக்கிழமை, நிற்கிற வேலை, கூலண்ட் வாடை, மாடிப்படி ஏறித் தூக்கும் கம்பிக்கட்டு, இவற்றைத் தாளிலேயே சொல்லிவிட்டால் பத்துப் பேர் வரமாட்டார்கள். வந்து பதினைந்து நாள் கழித்து நிற்கப் போகிறவர்கள்தான் அந்தப் பத்துப் பேரும்.

சம்பளத்தில்தான் வேலை நின்றது. ‘தகுதிக்கேற்ப’ என்பதை எடுத்துவிட்டுத் தொகையைப் போடுங்கள் என்றேன். 19,000 முதல் 21,000 வரை கொடுக்கத் தயார் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் தாளில் எழுத மனம் வரவில்லை. சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் காரணத்தைச் சொன்னார். உள்ளே ஐந்து வருஷமாக செட்டிங் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு 18,500. கதவில் 19,000 என்று ஒட்டினால் முதலில் படிக்கப் போவது அவர்தான்.

இது நியாயமான பயம். சம்பளத்தை மறைத்து எழுதும் பட்டறைகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இதே போல் ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இதை அறிவிப்பால் தீர்க்க முடியாது. புதியவர் சேர்ந்த முதல் வாரமே சம்பளக் கதை வெளியே வந்துவிடும். அப்போது பழையவர் போவார். ஒரு ஆளைத் தேடப் போய் இரண்டு ஆளைத் தேட வேண்டியிருக்கும். அந்த வாரம் தாள் ஒட்டப்படவில்லை. அடுத்த வாரம் அவர் பழையவரைக் கூப்பிட்டுச் சம்பளத்தை 21,000 ஆக்கினார். அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தோம்.

தொகை மட்டும் போதாது. எவருக்கு 19,000, எவருக்கு 21,000 என்ற அளவுகோலும் தாளிலேயே வர வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் மேல் எண்ணைப் படிப்பார்கள், முதலாளி கீழ் எண்ணை நினைத்துக்கொண்டிருப்பார். தானாக ஜாப் மாற்றி முதல் பீஸ் சரியாக எடுப்பவருக்கு 21,000, உடன் ஒருவர் நின்று உதவினால் செய்பவருக்கு 19,000 என்று முடிவானது. 21,000-க்கு மேல் போகாததற்கும் ஒரு காரணம் இருந்தது. இப்போதைக்கு இஎஸ்ஐ-யின் சம்பள வரம்பு மாதம் 21,000. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இந்தப் பட்டறை இஎஸ்ஐ-யில் இருக்கிறது. தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், அதாவது 20,000 சம்பளத்துக்கு 150 ரூபாய். கையில் 19,850. வீட்டில் வயதான அம்மாவுக்கு சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கிற ஒருவருக்கு, 22,000 தந்து அந்த அட்டையை இழக்க வைப்பதைவிட 21,000 மேல். பிஎஃப் இங்கே இல்லை. இருபது பேர் இருந்தால்தான் அது கட்டாயம். இல்லை என்பதையும் எழுதச் சொன்னேன். ‘இஎஸ்ஐ, பிஎஃப் உண்டு’ என்று பழக்கத்தில் சேர்த்து எழுதிவிட்டு, சேர்ந்த மாதம் பிஎஃப் எண் கேட்கும்போது முழிப்பதுதான் பல இடங்களில் முதல் மனக்கசப்பு.

வயதும் பாலினமும் அடுத்து. ‘30 வயதுக்குட்பட்ட ஆண்கள்’ என்று எழுதலாமா என்று கேட்டார். ஏன் முப்பது என்றால் பதில் இல்லை, எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார். நாற்பத்திரண்டு வயதில், மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வெளியே வந்து நிற்கும் செட்டரை அந்த ஒரு வரி திருப்பி அனுப்பிவிடும். ஆண்கள் என்று குறிப்பதில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1976-இல் வந்த சம ஊதியச் சட்டமே ஆளெடுப்பில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. டர்னர் பிரிவில் ஐடிஐ படிக்கும் பெண்கள் இன்று இருக்கிறார்கள். ‘நம்ம பையன்’, ‘நல்ல குடும்பத்துப் பையன்’ போன்ற சொற்களும் சுவரில் வருகின்றன. அவை எந்தச் சாதியைக் கூப்பிடுகின்றன, எதை விலக்குகின்றன என்பது படிப்பவருக்குத் தெளிவாகவே புரியும். அப்படி எழுதுவது தவறு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கடைசியாக ஒட்டிய தாள் இது:

‘சிஎன்சி டர்னிங் செட்டர் – ஒருவர் தேவை.
வேலை: பம்பு ஷாஃப்ட் (எஸ்எஸ்). ஃபானுக் கன்ட்ரோல் மெஷின் இரண்டு.
கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது: சாஃப்ட் ஜா போரிங், டூல் ஆஃப்செட், மைக்ரோமீட்டரில் அளத்தல். புரோகிராம் தெரிய வேண்டியதில்லை. விருப்பம் இருந்தால் கற்றுத் தருவோம்.
ஷிப்ட்: ஒரு வாரம் காலை 6.30 – 3.00, மறுவாரம் மதியம் 3.00 – இரவு 11.30. இரவு பஸ் கிடையாது. வண்டி வேண்டும், இல்லாவிட்டால் இரவு பட்டறை மாடி அறையில் தங்கிக்கொள்ளலாம். ஞாயிறு விடுமுறை.
சம்பளம்: தனியாக ஜாப் செட் செய்பவருக்கு 21,000, உதவியுடன் செய்பவருக்கு 19,000. ஓவர்டைம் மணிக்கு இரட்டிப்பு. மாதம் 7-ஆம் தேதி வங்கிக் கணக்கில். இஎஸ்ஐ உண்டு, பிஎஃப் இல்லை.
சேர்வதற்கு எந்தப் பணமும் கட்ட வேண்டாம். அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவோம். ஒரு ஷிப்ட் ட்ரயல் உண்டு, அதற்கும் சம்பளம் தருவோம்.
இடம்: கணபதி, அத்திப்பாளையம் பிரிவு அருகே. மாலை 5 முதல் 8 மணிக்குள் கூப்பிடலாம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பலாம்: கடைசியாக எந்த மெஷினில், என்ன ஜாப் செய்தீர்கள் என்று சொன்னால் போதும்.’

அதற்குக் கீழே தேதியும், எந்த நாள் வரை என்பதும். தேதிக்கு ஒரு காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாகப் போகும் அறிவிப்புக்கு ஆயுள் முடிவதே இல்லை. ஊர் பெயரும் எண்ணும் நாளும் படத்துக்குள்ளேயே இல்லாவிட்டால், பத்துக் கை மாறிய பிறகு அது யாருடைய அறிவிப்பு என்பதே தெரியாது. கூப்பிடும் நேரம் போட்டதற்கும் காரணம் இருக்கிறது. வேறு பட்டறையில் ஷிப்ட்டில் நிற்பவர் பகலில், முதலாளி பக்கத்தில் இருக்கும்போது, பேச முடியாது. அப்படிப்பட்டவர்தான் நமக்கு வேண்டும். குரல் பதிவு என்பது எழுத்து வராதவருக்கு மட்டும் அல்ல. அரை நிமிடம் தன் வேலையைப் பற்றி ஒருவர் பேசுவதைக் கேட்டால், அவர் எந்த மெஷின் முன்னால் நின்றார் என்பது லேத்காரருக்குத் தெரிந்துவிடும்.

பணம் கட்ட வேண்டாம், சான்றிதழ் வைத்துக்கொள்ள மாட்டோம் என்ற இரண்டு வரிகளை உரிமையாளர் முதலில் தேவையில்லை என்றார். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் பறிக்கும் மோசடிகள் அறிவிப்பு வடிவத்தில்தான் வருகின்றன. அசலை வாங்கிப் பூட்டி வைக்கும் இடங்களும் உண்டு. இரண்டையும் பார்த்து அடிபட்டவர் எந்தப் புதிய தாளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

எங்கே ஒட்டுவது என்பதிலும் கொஞ்சம் மாற்றினோம். பஸ் நிறுத்தச் சுவரை விட்டுவிட்டு, இன்சர்ட்டும் டூல் ஹோல்டரும் விற்கிற கடைக்குக் கொடுத்தோம். அங்கே வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் செட்டர்கள்தான். ஜி.என். மில்ஸில் இருக்கும் அரசு ஐடிஐ-க்கு ஒரு பிரதி போனது. தமிழக அரசின் tnprivatejobs.tn.gov.in தளத்திலும் பதிந்தோம், அதற்குக் கட்டணம் இல்லை. ஐடிஐ-யில் இந்தத் தாளால் பெரிய பயன் இருக்காது என்பது எனக்கு முன்பே தெரியும், படித்து முடித்த கையோடு யாரும் செட்டர் ஆக முடியாது. கையாள் தாளுக்குத்தான் அது சரியான இடம்.

பத்து நாளில் வந்த அழைப்புகள் பதினொன்று. முந்தைய தாளுக்கு ஒரே நாளில் அதைவிட அதிகம் வந்திருந்தது. உரிமையாளர் இரண்டாம் நாளே கவலைப்பட்டு, அந்த ஷிப்ட் வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று பொறுக்கச் சொன்னேன். பதினொன்றில் ஆறு பேருக்கு வேலை உண்மையிலேயே தெரிந்திருந்தது.

அவர்களிடம் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று வைத்துக்கொண்டோம். பேரிங் இடத்தில் 25.010 வர வேண்டியது 25.021 வருகிறது. என்ன செய்வீர்கள்? மெஷின் புத்தகப்படி பதில் எளிது. வேர் ஆஃப்செட்டில் அந்த டூலின் X-இல் 0.011 கழிக்க வேண்டும். நான்கு பேர் இதைச் சரியாகச் சொன்னார்கள். ஒருவர், பீஸுக்குப் பீஸ் மெல்ல ஏறியதா, திடீரென்று ஏறியதா என்று திருப்பிக் கேட்டார். மெல்ல ஏறினால் இன்சர்ட் தேய்கிறது, கழித்துவிட்டு ஓட்டலாம். திடீரென்று ஏறினால் இன்சர்ட் முனை உடைந்திருக்கலாம், தாடைக்குள் சில்லு மாட்டியிருக்கலாம். அப்போது ஆஃப்செட்டைத் தொட்டால் அடுத்த பீஸ் கழிவாகும்.

அவர் பேசி முடித்துவிட்டு, போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் கேட்டார். “அளந்தது சூடா இருக்கும்போதாண்ணா, ஆறின பிறகா?” உரிமையாளர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். என்னைப் பார்த்தார். கடைந்து முடித்த உடனே, அறை வெப்பநிலையைவிட இருபது டிகிரி சூடாக இருக்கும் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட், மைக்ரோமீட்டரில் கிட்டத்தட்ட 0.005 பெரிதாகக் காட்டும். இருக்கிற இடைவெளியே 0.013 என்கிறபோது அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நான்கு பேருக்கு வராத கேள்வி அது.

நாற்பத்தைந்து வயதுக்காரர். முப்பது என்று எழுதியிருந்தால் வந்திருக்கவே மாட்டார். இன்சர்ட் கடையில் தாளைப் பார்த்திருக்கிறார். ட்ரயல் அன்று தாடை மாட்டி, போரிங் செய்து, முதல் பீஸ் எடுக்க ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். உரிமையாளர் ஐம்பது நிமிடத்தில் செய்வார். ஆனால் அவருடைய மூன்றாவது பீஸிலிருந்து அளவு அசையவில்லை. ட்ரயலுக்கு உரிய நாள் சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, 21,000-க்கு ஒப்புக்கொண்டார். எதற்காக இருந்த இடத்தை விட்டீர்கள் என்று கேட்டேன். அங்கே சம்பளம் இதைவிடக் குறைவில்லை, எந்தத் தேதியில் வரும் என்பதுதான் தெரியாது என்றார். 7-ஆம் தேதி என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டுத்தான் போன் செய்திருக்கிறார்.

அவர் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் மாடி அறையில் படுத்துக்கொள்கிறார். கதவிலிருந்த தாளைக் கிழித்தாயிற்று. போன வாரம் போனபோது உரிமையாளரின் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பேசியவர், “இல்லீங்க, ஆள் எடுத்தாச்சு. எந்தத் தாளைப் பாத்தீங்க?” என்று கேட்டார். பழையது. தேதி போடாதது. யாரோ ஒரு குரூப்பில் அன்று காலை மறுபடி அனுப்பியிருக்கிறார்கள்.